ழகரத்தைக் கேட்பதும் சொல்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களாகி தமிழ் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு வார இறுதியில் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ழகரம் பற்றி வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை, ஆனால் முதல் கேள்விக்கான பதிலை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

ழ, ள, ல மூன்றும் எனக்கு ஒரே மாதிரி கேட்கிறது. எதைத்தான் கவனிக்க வேண்டும்?

இரண்டே விஷயங்கள். நாக்கு நுனி பின்னால் போனதா? போன இடத்தில் தொட்டதா?

லகரத்தில் நாக்கு பின்னால் போவதில்லை, மேல்பல்லுக்குப் பக்கத்திலேயே தொடுகிறது. ளகரத்தில் பின்னால் வளைந்து போய் மேலண்ணத்தைத் தொடுகிறது. ழகரத்தில் அதே மாதிரி பின்னால் போகிறது, ஆனால் தொடுவதில்லை, கிட்டே போய் நின்றுவிட்டு இறங்கிவிடுகிறது. வால், வாள், வாழ் என்று மூன்றையும் மெதுவாகச் சொல்லச் சொல்லி யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

பின்னால் போனதா என்பது எங்கே கேட்கும் தெரியுமா? மெய்யெழுத்தில் அல்ல, அதற்கு முன்னால் வரும் உயிரில். நாக்கு ஒரே நொடியில் தாவிப் போய்விட முடியாது, 'வா' சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது கிளம்பிவிடுகிறது. அதனால் 'வாழ்' என்பதில் உள்ள ஆகாரத்தின் கடைசிப் பகுதி கொஞ்சம் இருண்டு, உள்வாங்கின மாதிரி கேட்கும். 'வால்' என்பதில் ஆகாரம் கடைசிவரை வெளிச்சமாக இருக்கும். பெரும்பாலான மாணவர்கள் 'ழ' என்ற எழுத்து வரும் இடத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள், அதற்குள் பாதிச் சேதி தாண்டிப் போயிருக்கும்.

இது வெறும் கற்பனை இல்லை, நம் பேச்சுவழக்கே இதற்குச் சாட்சி. 'பிழைப்பு' என்று எழுதுகிறோம், 'பொழப்பு' என்று பேசுகிறோம். 'விழுந்தான்' பல ஊர்களில் 'வுழுந்தான்' ஆகிறது. வீடு 'வூடு' ஆவதும், பிள்ளை 'புள்ள' ஆவதும், பெண் 'பொண்ணு' ஆவதும் இதே கதைதான். பின்னால் வளையப்போகும் நாக்கு, முன்னால் நிற்கிற இகரத்தையும் எகரத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது, சொல்லின் தொடக்கத்தில் ப, வ மாதிரி உதட்டெழுத்து இருந்தால் உயிர் உதடு குவிந்தே வந்துவிடுகிறது.

சரி, தொட்டதா என்பதை எப்படிக் கேட்பது? தொட்டால் ஒரு விளிம்பு கேட்கும். 'வாளை' என்னும்போது நடுவில் ஒலி ஒரு கணம் அடைபட்ட மாதிரி மங்கி, நாக்கு விடுபடும்போது சின்னதாக ஒரு தட்டல் கேட்கும். 'வாழை' என்னும்போது அந்த மூட்டு இருக்காது, ஓர் உயிரிலிருந்து அடுத்த உயிருக்கு வழுக்கிக்கொண்டு போவது மாதிரிதான் இருக்கும். ஆக, முன் உயிர் இருண்டு, நடுவில் விளிம்பு இல்லாமல் இருந்தால் அது ழகரம்.

நாக்கை எங்கே, எப்படி வைப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் குரல் கொடுக்காமல் நாக்கை மட்டும் வைத்து ஊர்வலம் போங்கள். மேல் முன்பல்லின் பின்பக்கத்தை நாக்கு நுனியால் தொடுங்கள், அங்கிருந்து மெதுவாகப் பின்னால் தடவிக்கொண்டே போங்கள். ஈறு மேடாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். அந்த மேடு முடிந்ததும் அண்ணம் சட்டென்று மேலே ஏறும். அந்த ஏற்றம் தொடங்கிய இடத்துக்குச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். இன்னும் உள்ளே, மெத்தென்று இருக்கும் பகுதிவரை போக வேண்டாம். அவ்வளவு தூரம் மடித்தால் தொண்டை இறுகும், குரலும் கெட்டுப்போகும்.

இப்போது அங்கிருந்து நுனியை ஓர் அரிசி மணி அளவுக்கு இறக்குங்கள். இறக்கிய நிலையில் நாக்கின் இரு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களில் லேசாகச் சாய்ந்திருக்கும், இருக்க வேண்டும். நடுவில் காற்று போக வழி இருக்கிறது, பக்கவாட்டில் இல்லை. இதை நினைவில் வையுங்கள், ஏனென்றால் ளகரத்தில் இது அப்படியே தலைகீழ்: நடு அடைபட்டு, பக்கம் திறந்திருக்கும்.

அப்புறம் குரல். நீளமாக 'ஆஆஆ' என்று சொல்லிக்கொண்டே, நிறுத்தாமல், நுனியை அந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஆகாரம் தானாக நிறம் மாறும். அந்த மாறின ஒலிதான் ழ். உதட்டுக்கு இதில் வேலையே இல்லை, சும்மா கிடக்கட்டும். சீறல் சத்தம் கேட்டால் இடைவெளி மிகவும் குறுகிவிட்டது என்று பொருள், இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். பிறகு நாக்கை முன்னால் விழவிட்டு மறுபடி 'ஆ'வுக்கு வாருங்கள்: ஆஆஆழஆஆஆ. இதைப் பத்துப் பதினைந்து முறை செய்துவிட்டு, நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் 'ஆழ' என்ற சொல் கையில் வந்துவிடும்.

'ழ' என்று தனியாக, முன்னால் எதுவும் இல்லாமல் சொல்லிப் பழகாதீர்கள். தமிழில் எந்தச் சொல்லும் ழகரத்தில் தொடங்குவதில்லை. முன்னால் ஓர் உயிர் இருந்தால்தான் நாக்குக்கு ஓடுபாதை கிடைக்கும்.

சரியாக வருகிறதா என்று வீட்டில் தனியாக இருக்கும்போது எப்படித் தெரிந்துகொள்வது?

எளிய சோதனை ஒன்று, கொஞ்சம் அழுக்காகும் சோதனை ஒன்று.

எளியது இது. 'வாழ்' என்று சொல்லி, கடைசி ழ்-இல் வாயை அப்படியே உறைய வையுங்கள். நாக்கை அசைக்காமல் வாய் வழியாகச் சட்டென்று மூச்சை உள்ளே இழுங்கள். குளிர்ச்சி எங்கே படுகிறது? நாக்கின் நடுவிலும் நுனியின் அடிப்பக்கத்திலும் பட்டால் ழகரம். நாக்கின் பக்கவாட்டில், கன்னத்தை ஒட்டிக் குளிர்ந்தால் நீங்கள் வைத்திருப்பது ளகரம். இதற்குக் காதே தேவையில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது, காது இன்னும் பழகாதவர்களும் முதல் நாளே செய்து பார்க்கலாம்.

இரண்டாவது, ஒலியியல் படிப்பவர்கள் கரித்தூளும் எண்ணெயும் வைத்துச் செய்கிற பழைய முறையின் வீட்டு வடிவம். ஒரு கரண்டி கோக்கோ பொடியைக் கொஞ்சம் நல்லெண்ணெயில் பசையாகக் குழைத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக் குச்சியால் நாக்கு நுனியின் மேல், கீழ், இரு ஓரங்கள் எல்லா இடத்திலும் தடவுங்கள். ஒரே ஒரு சொல்லை ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, எச்சில் விழுங்காமல் வாயைத் திறந்து, கைக்கண்ணாடியையும் போன் டார்ச்சையும் வைத்து மேலண்ணத்தைப் பாருங்கள். நாக்கு தொட்ட இடத்தில் கறை இருக்கும். சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும், 'தமிழ்' என்று சொன்னால் தகரத்தின் கறையும் சேர்ந்து விழுந்து குழப்பிவிடும். வால், வாள், வாழ் மூன்றும்தான் இதற்கு வாகான சொற்கள். வகரம் உதட்டில் முடிந்துவிடுகிறது, ஆகாரத்தில் நாக்கு கீழே கிடக்கிறது, ஆகவே மேலண்ணத்தில் விழும் கறை எல்லாம் கடைசி எழுத்தினுடையதுதான்.

என் மாணவி ஒருவர், தாய்மொழி கன்னடம், கோவைக்கு மணமாகி வந்தவர், இதைச் செய்து பார்த்தார். 'வால்' சொன்னதும் முன்பல்லை ஒட்டிக் கறை. வாய் கொப்பளித்துத் துடைத்துவிட்டு 'வாள்' சொன்னதும் ஈறு மேட்டுக்குப் பின்னால் பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஒரு கறை. அப்புறம் 'வாழ்'. தான் தொடவே இல்லை என்று அடித்துச் சொன்னார், ஆனால் பார்த்தால் வாளுக்கு விழுந்த அதே இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி. மெல்லத் தொட்டிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அவருக்கு அது மென்மையான ளகரம், கேட்பவர் காதுக்கும் அது ளகரமேதான். அடுத்த முறை ஆகாரத்தை இரண்டு மடங்கு நீட்டி, தாடையை இன்னும் சற்றுத் தாழ்த்தி வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னேன். நடுவில் கறையே இல்லை, கடைவாய்ப் பற்களின் உள்பக்கம் மட்டும் இருபுறமும் மெல்லிய கோடு. அந்தக் கோடுகளைக் கண்ணாடியில் பார்த்த பிறகு அவருக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்க ஆங்கிலத்தில் வரும் r மாதிரியே சொன்னால் போதும் என்கிறார்களே?

தொடங்க நல்ல இடம், நின்றுவிட நல்ல இடம் இல்லை. அமெரிக்கர்களின் அந்த ஒலியிலும் நாக்கு எதையும் தொடுவதில்லை, அந்த அளவுக்கு உறவு உண்மைதான். ஆனால் அவர்களில் பலர் நுனியை வளைப்பதே இல்லை, நாக்கின் நடுவை மேலே குவித்து அந்த ஒலியை உண்டாக்குகிறார்கள். கூடவே உதட்டையும் கொஞ்சம் குவிக்கிறார்கள், முக்கியமாகச் சொல்லின் தொடக்கத்தில். அதே பழக்கத்தோடு 'பழம்' சொன்னால் அது ஏதோ ஒரு ரகரமாகத்தான் நம் காதில் விழும்.

செய்ய வேண்டியது: கண்ணாடி முன் நின்று 'வாழை' சொல்லுங்கள். வகரம் முடிந்த பிறகும் உதடு குவிந்தால் இரண்டு விரலால் வாயோரங்களை லேசாகப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். உதடு விலகியதும் ஒலி மெலிந்துபோனால், அதுவரை உதடுதான் வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். நுனியை இன்னும் பின்னால் வளைத்து அந்தக் குறையை ஈடுகட்டுங்கள்.

என் தாய்மொழி இந்தி. எங்களிடம் இந்த ஒலி இல்லையே?

பாதி இருக்கிறது. சாலைக்கு 'சடக்' என்பீர்கள், மலைக்கு 'பஹாட்' என்பீர்கள் அல்லவா, அந்தச் சொற்களில் நாக்கு பின்னால் வளைந்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டு முன்னால் விழுகிறது. நாக்கு போகும் பாதை ஏறக்குறைய இதுவேதான். தட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். 'பஹாட்' என்பதையே தட்டாமல் சொல்லிப் பாருங்கள், 'பஹாழ்' என்று வரும். ஈறு எங்கே, அண்ணம் எங்கே என்று விளக்குவதைவிட இந்தி பேசுபவர்களுக்கு இந்த ஒரு சொல் வேகமாக வேலை செய்கிறது.

தெலுங்கு, கன்னடம் பேசுபவர்களுக்கு?

இரண்டு மொழிகளிலும் முன்பு ழகரம் இருந்தது, பழைய கல்வெட்டுகளில் அதற்குத் தனி எழுத்தே உண்டு, பிறகு வழக்கொழிந்துவிட்டது. போன இடம் மட்டும் வேறு வேறு. நம் ஏழு தெலுங்கில் 'ஏடு', கன்னடத்தில் 'ஏளு'. நம் கோழி தெலுங்கில் 'கோடி', கன்னடத்தில் 'கோளி'. இரண்டிலும் நாக்கு இன்னமும் பின்னால் போகிறது, போய்த் தொட்டுவிடுகிறது. அதனால் உங்களுக்கு 'பின்னால் போ' என்ற பாடம் தேவையில்லை, 'தொடாதே' என்ற பாடம் மட்டும்தான். மேலே சொன்ன கோக்கோ சோதனை உங்களுக்காகவே சொன்ன மாதிரி.

மலையாளிகளிடம் ழகரம் உயிரோடு இருக்கிறது, இந்தப் பக்கமே அவர்களுக்குத் தேவையில்லை.

'வாழை' நன்றாக வருகிறது, 'தமிழ்' மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இகரத்தால்தான். இ, ஈ சொல்லும்போது நாக்கின் முன்பகுதி அண்ணத்தை நோக்கி உயர்ந்து நிற்கிறது, நுனி வளைந்து திரும்ப அங்கே இடமே இல்லை. ஆ, ஓ, ஊ ஆகியவற்றில் நாக்கு தாழ்ந்தோ பின்னால் ஒதுங்கியோ இருப்பதால் நுனிக்குத் தாராளமாக வழி கிடைக்கிறது. போதாக்குறைக்கு 'தமிழ்' என்பதில் ழ் கடைசியில் வந்து நிற்கிறது, அதற்குப் பின் விழுந்து இறங்க ஓர் உயிரும் இல்லை. புதியவர்கள் முதலில் கற்கும் சொல்லே மிகக் கடினமான இடத்தில் அமைந்துவிட்டது.

நான் பழக்கும் வரிசை: முதலில் ஆழம், தாழம்பூ, வாழை. அடுத்து கூழ், தோழன், கோழி. பிறகு பழம், மழை, எழுத்து. அதற்கப்புறம்தான் கீழே, கிழவி, விழா. 'தமிழ்' கடைசியில்.

'தமிழ்' என்பதற்கும் நேராகப் போவதில்லை. 'தமிழா' என்று சொல்லச் சொல்வேன், ழகரத்துக்குப் பின் ஆகாரம் இருப்பதால் நாக்குக்கு இறங்க இடம் கிடைக்கிறது. அது பத்து முறை சுத்தமாக வந்த பிறகு, கடைசி ஆவன்னாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, சுருக்கி, விட்டுவிட வேண்டும். அந்த இகரத்தையும் சுத்தமான இகரமாகப் பிடித்துவைக்காதீர்கள். 'பொழப்பு' என்பதில் பார்த்தோமே, ழகரத்துக்கு முன் வரும் இகரம் கொஞ்சம் பின்னுக்குச் சாயத்தான் செய்யும், சாயவிடுங்கள். இன்னொன்று, முதல் எழுத்தை நீட்டித் 'தாமிழ்' என்று சொல்வது, இதை ஆங்கிலம் பேசுபவர்கள் எல்லாரும் செய்கிறார்கள். இரண்டும் குறில், இரண்டுக்கும் ஒரே அளவு.

இதற்கு ஏன் zh என்று எழுதுகிறார்கள்? அதைப் பார்த்து 'ஷ' மாதிரி சொல்லிவிட்டேன்.

ஆங்கில எழுத்தில் இந்த ஒலிக்கு எதுவும் பொருந்தவில்லை, யாருக்கும் பயன்படாமல் கிடந்த ஒரு கூட்டெழுத்தை எடுத்துப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எழுத்துக்கும் ஒலிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஷகரமும் இல்லை, ஜகரமும் இல்லை. 'கனிமொஜி', 'ஆலப்புஜா' என்று வடக்கே சொல்வதெல்லாம் எழுத்தைப் பார்த்து வந்த உச்சரிப்பு, காதால் கேட்டு வந்ததில்லை.

காதால் மட்டும் கேட்ட வெளிநாட்டார் என்ன செய்தார்கள் என்பது ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. கோழிக்கோடு 'காலிகட்' ஆனது, பழவேற்காடு 'புலிகாட்' ஆனது, இரண்டிலும் லகரமாகக் கேட்டிருக்கிறார்கள். சோழமண்டலம் 'கோரமண்டல்' ஆனதாகச் சொல்வார்கள், அங்கே ரகரம். ஆலப்புழை 'ஆலெப்பி' ஆனபோது ஒலியே காணாமல் போய்விட்டது. ஒரே ஒலி, மூன்று விதமாகக் காதில் விழுந்திருக்கிறது. உங்களுக்கும் ஒரு நாள் லகரமாகவும் மறுநாள் ரகரமாகவும் கேட்டால் கவலைப்படாதீர்கள்.

இரண்டில் எதை நினைத்துக்கொண்டு பழகுவது என்று கேட்டால், ரகரத்தை என்பேன். தொல்காப்பியம் பிறப்பியலில் 'நுனிநா அணரி அண்ணம் வருட, ரகார ழகாரம் ஆயிரண்டும் பிறக்கும்' என்று ரகரத்தையும் ழகரத்தையும்தான் சேர்த்து வைக்கிறது, லகரமும் ளகரமும் அடுத்த நூற்பாவில் தனி ஜோடி. அணர்தல் என்றால் மேல்நோக்கி வளைதல். நாக்கு நுனி மேலே வளைவதுதான் இந்த ஒலியின் உயிர் என்பதை அந்த ஒரு சொல்லில் சொல்லிவிட்டார்கள். ழகரத்துக்கு ஆங்கில எழுத்தாக l-ஐயோ அடிக்கோடிட்ட l-ஐயோ வைக்கும் பாடப்புத்தகங்களைப் படித்து வருபவர்கள் நாக்கின் பக்கவாட்டில் காற்றை விட்டே பழகியிருப்பார்கள், அதைக் கழற்றுவதற்கே சில வாரம் ஆகிறது.

என் மனைவி வீட்டில் எல்லாரும் 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறார்கள். நான் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

அவர்கள் தப்பாகச் சொல்லவில்லை, அது அவர்கள் ஊர் வழக்கு. மதுரைக்குத் தெற்கே பல இடங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்துவிட்டது. பழைய சென்னைப் பேச்சில் அது யகரமானது: 'வாயப்பயம்', 'கெயவி'. 'இழுத்து' அங்கே 'இஸ்து' என்றே ஆகிவிட்டது.

அதனால் வீட்டில் பேச்சோடு பேச்சாக இருக்கும்போது நீங்களும் ளகரத்தைச் சொன்னால் ஒன்றும் குறையாது, லட்சக்கணக்கான தமிழர்களின் ஒலி அது. ஷகரம், ஜகரம், உதடு குவித்த ரகரம், இவைதான் எந்த ஊர்த் தமிழிலும் இல்லாதவை. ழகரம் வராத நாளில் ளகரத்துக்கு ஒதுங்குங்கள், இவற்றுக்கு ஒதுங்காதீர்கள்.

ஆனால் கற்பதை விட்டுவிட வேண்டாம் என்றுதான் சொல்வேன். உழவு, உளவு, உலவு மூன்றும் மூன்று சொற்கள். வழி, வளி, வலி அப்படி. ஒழி, ஒளி, ஒலி அப்படி. செய்தி வாசிக்கும்போதும், மேடையில் பேசும்போதும், எழுதும்போதும் பிரித்துத்தான் ஆக வேண்டும், பேச்சில் கலந்துவிட்டவர்களே எழுத்துப்பிழையில் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

அப்படியானால் எழுதும்போது ழ-வா ள-வா என்று எப்படி முடிவு செய்வது?

எல்லாச் சொல்லுக்கும் விதி கிடையாது, ஆனால் சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யலாம். ழகரம் இரட்டிக்காது. பள்ளி, வெள்ளம், துள்ளு என்று இரட்டித்து வந்தால் அது ளகரம்தான். தனிக்குறிலை அடுத்து ழகர ஒற்று வராது: முள், கள், எள் எல்லாம் ளகரம். இதனால்தான் 'முழ்கியது' என்பது பிழை, 'மூழ்கியது' என்று நெடிலாக இருக்க வேண்டும். அவள், வந்தாள், மரங்கள் போன்ற விகுதிகள் எப்போதும் ளகரம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை வினைச்சொல்லில் இருக்கிறது. ஆள் என்பது ஆண்டான் ஆகிறது, கேள் என்பது கேட்டான் ஆகிறது, மாள் என்பது மாண்டான் ஆகிறது. ஆழ் என்பதோ ஆழ்ந்தான், வாழ் என்பது வாழ்ந்தான், புகழ் என்பது புகழ்ந்தான். ளகரம் கரைந்து டகர ணகரமாகிறது, ழகரம் அப்படியே நிற்கிறது. காரணம் நாக்கில் இருக்கிறது: ள, ட, ண மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அண்ணத்தைத் தொடுபவை, ஒன்று மற்றொன்றாக எளிதில் மாறும். தொடாத ழகரம் அந்தக் கூட்டத்தில் சேருவதில்லை.

காதுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் முதலில் ஆளைச் சோதிக்க வேண்டும். உங்களுக்குச் சொல்லிக்காட்டப் போகிறவர் உண்மையிலேயே இரண்டையும் பிரித்துச் சொல்பவரா? தமிழர் என்பதாலேயே பிரிப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது, நானே இதில் ஏமாந்து ஒரு மாணவரை மூன்று வாரம் வீணாக்கியிருக்கிறேன். வாழ், வாள் இரண்டையும் கலந்து எழுதிய தாளை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், இன்னொரு தமிழர் தாளைப் பார்க்காமல் கேட்டு எழுதட்டும். அவருக்கே குழப்பம் வந்தால் வேறு குரலைத் தேடுங்கள்.

குரல் கிடைத்த பிறகு 20 சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பத்தில் 'வாழை', பத்தில் 'வாளை'. குலுக்கிப்போட்டு ஒவ்வொன்றாக அவர் படிக்க, நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து ழ அல்லது ள என்று குறிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் உடனே சரியா தவறா என்று அவர் சொல்லிவிட வேண்டும். 20-க்கு 11, 12 வந்தால் அது குருட்டாம்போக்கு. 15 அல்லது அதற்கு மேல் வந்தால் காது பிடித்துக்கொண்டது என்று நம்பலாம், குருட்டாம்போக்கில் அவ்வளவு வருவது 50 முறைக்கு ஒரு முறைதான். அதன் பிறகு சொல்லை மாற்றுங்கள் (கிழி, கிளி), அப்புறம் ஆளை மாற்றுங்கள். ஆண் குரல், பெண் குரல், வயதானவர் குரல் என்று மாறி மாறிக் கேட்டால்தான் ஒலியைப் பிடிப்பீர்கள், ஒரே ஆளிடம் கேட்டால் அவர் குரலைத்தான் மனப்பாடம் செய்வீர்கள்.

'வாழ்த்துகள்', 'வாழ்க்கை' சொல்லும்போது நடுவில் ஓர் உகரம் வந்துவிடுகிறதே?

'வாழுத்துகள்' என்று வருகிறது, தெரியும். பின்னால் வளைந்த நாக்கு உடனே பல்லுக்கு ஓடிவந்து தகரத்தைத் தட்ட வேண்டும், நேரம் போதாமல் நடுவில் மூச்சுவிடுகிறது. சொல்லை 'வாழ்' என்றும் 'த்துகள்' என்றும் இரண்டாக உடையுங்கள். முதல் பாதியைச் சொல்லி, வளைந்த நிலையிலேயே குரலை நிறுத்துங்கள். சத்தமில்லாமல் நாக்கை மட்டும் பல்லுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டாம் பாதி. அந்த மௌனமான நகர்வைத்தான் மெல்ல மெல்லச் சுருக்க வேண்டும். 'வாழ்க்கை' இதைவிடச் சுலபம், ககரத்துக்கு நாக்கின் பின்பகுதிதான் வேலை செய்கிறது, நுனி அவசரப்படாமல் இறங்கலாம். அதை முதலில் பழகிவிட்டு 'வாழ்த்து'க்கு வாருங்கள்.

'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்' என்பதைத் தினமும் சொன்னால் வந்துவிடுமா?

வராதவருக்கு வராது. அந்தத் தொடர் வேகத்துக்கான பயிற்சி. ழகரம் தெரிந்தவர் அதைச் சொன்னால் நாக்கு புரளும், தெரியாதவர் சொன்னால் ஏழு ளகரத்தை வேகமாகச் சொல்லிப் பழகுவார், அதுவே படிந்துவிடும். ஆனால் அதிலிருந்து ஒரு பயன் எடுக்கலாம்: அதில் உள்ள சொற்களைப் பிரித்தெடுத்து, மேலே சொன்ன வரிசைப்படி அடுக்குங்கள். வாழை முதலில், ஏழையும் பழமும் அப்புறம், வழுக்கி அடுத்து, விழுந்தான், கிழவன், கீழே கடைசியில். ஒவ்வொன்றும் மூச்சு இழுக்கும் சோதனையில் தேறிய பிறகு தொடராகச் சேர்த்து, முதலில் நடக்கிற வேகத்தில் சொல்லுங்கள். 'தோல்' என்பதில் வரும் லகரத்தைக் கவனியுங்கள், ழகரத்தின் நடுவில் மாட்டிக்கொண்டு அதுவும் பின்னால் வளைந்துவிடும். 'தோள் வழுக்கி' என்று சொல்லிவிட்டால் ஏழைக் கிழவன் விழுந்த காரணமே மாறிப்போகும்.